எழுந்திருக்க எத்தனை நொடி?



போன மாதக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "பெரியம்மாவுக்கு என்ன வைத்தியம் பண்றீங்க? பந்தியிலேர்ந்து கையை ஊணாம எழுந்திரிக்கிறாங்களே!" ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஏழாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு என் நீளம் பழக்கம்தான்.

வைத்தியம் எதுவும் இல்லை. என் பெரிய அக்காவுக்கு வயது 74. அத்தான் போனபிறகு ஊரில் அந்த ஓட்டு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை. உடம்பில் வலு இல்லை என்று அவளை யாரும் சொல்ல முடியாது. பத்துப் பேருக்குச் சோறு வடிக்கிற அண்டாவை இன்றும் ஒரு கையால் சாய்ப்பாள். ஆனால் கும்பகோணம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறுவது மட்டும் இரண்டு வருடமாகச் சிரமமாகிவிட்டது. முதல் படியில் கால் வைத்து உடம்பை மேலே தூக்குவதற்குள் பஸ் நகர்ந்துவிடுகிறது. வாசற்படியில் கால் தட்டினால் முன்பு சமாளித்துக்கொள்வாள். போன வருடம் இரண்டு முறை சமாளிக்க முடியாமல் திண்ணைத் தூணைப் பிடித்துத் தப்பித்திருக்கிறாள். இது காதுக்குப் போனதும் கோவையில் இருக்கும் அக்கா மகன், "மாமா, வீட்டை வித்துட்டு அம்மாவை இங்கே கூட்டிட்டு வந்துடறேன்" என்று ஆரம்பித்தான். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை.

அண்டாவைச் சாய்க்க முடிகிறவளால் பஸ் படி ஏன் ஏற முடியவில்லை? இதற்குப் பதில் சொன்னது என் பழைய மாணவி ஒருத்தி. இப்போது தஞ்சாவூரில் இயன்முறை மருத்துவராக இருக்கிறாள். "சார், நீங்கதான் எங்களுக்கு வேலை, திறன் ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தீங்க. அம்மாகிட்டே வலு இருக்கு, திறன்தான் குறைஞ்சிருக்கு" என்றாள்.

பாடம் மறந்தவர்களுக்காக: ஒரு மூட்டையை மாடிக்கு ஏற்றுவது வேலை. அதை எவ்வளவு நேரத்தில் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது திறன். ஒரே மூட்டையை ஒருவன் ஒரு நிமிடத்தில் ஏற்றினான், இன்னொருவன் இரண்டு நிமிடத்தில் ஏற்றினான் என்றால் வேலை ஒன்றுதான், திறன் பாதி. நம் கால் தசைக்கும் இதே கணக்குத்தான்.

வயதாகும்போது வலுவும் குறைகிறது, திறனும் குறைகிறது. ஆனால் திறன் சீக்கிரமாகக் குறைகிறது. தசையில் மெதுவாகச் சுருங்கும் இழைகள், வேகமாகச் சுருங்கும் இழைகள் என்று இரண்டு வகை உண்டு. முதுமையில் அதிகம் மெலிவது வேக இழைகள். அவற்றை இயக்கும் நரம்பு செல்கள் சில தண்டுவடத்திலேயே செத்துப்போகின்றன. அப்படி அநாதையாகிற வேக இழைகள் சிலவற்றைப் பக்கத்தில் உள்ள மெதுவான நரம்பு தத்தெடுத்துக்கொள்கிறது. இழை பிழைத்துக்கொள்கிறது, ஆனால் அதுவும் மெதுவான இழையாகிவிடுகிறது. கால் தடுக்கும்போது அடுத்த காலை முன்னால் எடுத்து வைத்து உடம்பைத் தாங்க அரை நொடிகூடக் கிடைப்பதில்லை. எவ்வளவு வலு இருக்கிறது என்பதைவிட அந்த அரை நொடிக்குள் எவ்வளவு வலுவைத் திரட்ட முடிகிறது என்பதே அங்கே கணக்கு. அண்டா அவசரப்படுத்தாது. அதனால்தான் அக்காவால் அதைச் சாய்க்க முடிகிறது.

சரி, வேகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்தவர் மரியா ஃபியாட்டரோன் சிங் என்ற மருத்துவர். தொண்ணூறு வயதுக்காரர்களையே பளு தூக்க வைத்து 1990இல் அமெரிக்காவில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவர். சிட்னி சோதனையில் அறுபது வயதைத் தாண்டிய 112 பேர். சராசரி வயது எழுபதை ஒட்டியது. சும்மா இருக்கச் சொன்ன ஒரு பிரிவு போக மற்றவர்கள் மூன்று பிரிவு. ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்சப் பளு 100 என்று வைத்துக்கொண்டால், முதல் பிரிவு அதில் 20 பங்கு, இரண்டாவது 50 பங்கு, மூன்றாவது 80 பங்கு. வாரம் இரண்டு நாள். மூன்று பிரிவுக்கும் ஒரே கட்டளை: தள்ளும்போது எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாகத் தள்ளு, திரும்பும்போது மெதுவாக வா.

மூன்று பிரிவிலும் திறன் ஏறக்குறைய ஒரே அளவு, 15 சதவீதத்தை ஒட்டிக் கூடியது. 20 பங்கு தூக்கியவர்களுக்கும் அதே, 80 பங்கு தூக்கியவர்களுக்கும் அதே! இன்னொன்றும் பார்த்தார்கள். நிற்கும்போது தள்ளாடாமல் சமநிலையைக் காப்பதில் மிகவும் தேறியவர்கள் லேசான பளுக்காரர்கள். வெறும் வலு மட்டும் பளு கூடக்கூடக் கூடுதலாக ஏறியது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு இது நல்ல செய்தியா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். மூட்டை தூக்க வேண்டாம், ஆனால் லேசானதை முழு மனதோடு வேகமாகத் தூக்க வேண்டும்.

"முழு மனதோடு" என்று சும்மா எழுதவில்லை. கனடாவில் பெஹம், சேல் என்ற இருவர் 1993இல் இளைஞர்களை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். பாதத்தை மேல்நோக்கி வெட்டி இழுக்கும் பயிற்சி. ஒரு காலுக்கு நிஜமாகவே அசைய இடம் கொடுத்தார்கள். மற்றக் காலை அசைய முடியாதபடி கட்டிவிட்டு, அசைவதாக நினைத்து வேகமாக இழுக்கச் சொன்னார்கள். கடைசியில் இரண்டு காலும் வேகத்தில் ஒரே மாதிரி தேறின. கால் உண்மையில் எவ்வளவு வேகமாகப் போனது என்பதைவிட, வேகமாகப் போக வேண்டும் என்று மூளை அனுப்பிய கட்டளைதான் பலன் தந்தது. அதனால் அக்கா மாதிரி ஒருவர் எழுந்திருப்பது வெளியே பார்க்கிறவர்களுக்கு மெதுவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. உள்ளே "சட்டென்று" என்ற உத்தரவு போயிருக்க வேண்டும். நிதானமாக, அழகாக, எண்ணி எண்ணிச் செய்தால் வலு வரலாம். வேகத்துக்கான பலன் குறைவுதான்.

இனி அக்காவின் கதை. மாணவி முதல் நாள் அளந்ததை அப்படியே எழுதுகிறேன். கை இல்லாத மர நாற்காலி, உயரம் 43 செ.மீ. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், வழுக்கிவிடும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். செல்போனில் நேரம் பார்த்தோம். 16 நொடி. முதியவர்களின் தசை பற்றி ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த வழிகாட்டுதலில் 15 நொடிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது.

இந்த 16 நொடியை வாட் கணக்கில் மாற்ற ஸ்பெயின் ஆய்வாளர்கள் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அக்காவின் எடை 58 கிலோ. முழங்காலுக்குக் கீழே இருப்பது எழும்போது மேலே போகாது என்பதால் பத்தில் ஒன்பது பங்குதான் தூக்கப்படுகிறது என்று கொள்கிறார்கள். அதைப் புவிஈர்ப்பு முடுக்கம் 9.8ஆல் பெருக்கினால் விசை சுமார் 512 நியூட்டன். உடம்பு எவ்வளவு உயர்கிறது? அக்காவின் உயரம் 152 செ.மீ., அதில் பாதி 76. நாற்காலி 43ஐக் கழித்தால் 33 செ.மீ., அதாவது 0.33 மீட்டர். ஆக ஒரு முறை எழுவதில் செய்யும் வேலை 512 × 0.33, சுமார் 169 ஜூல். ஐந்து முறைக்கு 16 நொடி என்றால் ஒரு முறைக்கு 3.2. அதில் பாதி எழுவதற்கு, பாதி உட்காருவதற்கு. எழ 1.6 நொடி. 169ஐ 1.6ஆல் வகுத்தால் 106 வாட்.

"ஒரு பழைய குண்டு பல்பு எரியறதுக்குத் தேறுவேனாடா தம்பி?" என்றாள் அக்கா. நூறு வாட் பல்பு என்றேன். சிரித்தாள்.

பயிற்சி மூன்றே மூன்று. திங்களும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு, அரை மணி நேரம்.

முதலாவது நாற்காலியிலிருந்து எழுவது. இங்கேதான் மாணவி ஒரு நுணுக்கம் சொன்னாள். 16 நொடி எடுக்கிறவருக்குத் தன் உடம்பே லேசான பளு கிடையாது, கனமான பளு. அதை வேகமாகத் தூக்கு என்றால் முடியாது. ஆகவே பளுவைக் குறைக்க வேண்டும். உடம்பைக் குறைக்க முடியாது, நாற்காலியை உயர்த்தலாம். ஜமக்காளத்தை இறுக்கமாக மடித்து உட்காரும் இடத்தில் போட்டு, எட்டு செ.மீ. உயர்த்தினோம். தலையணை போடக்கூடாது, அமுங்கும். உட்கார்ந்த இடம் உயர்ந்ததும் அக்காவால் சட்டென்று எழ முடிந்தது. இரண்டாவது, உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுவது. கணுக்காலில் மணல் பை. அவளால் ஒரு முறை நீட்ட முடிந்த அதிகபட்சம் 5 கிலோ என்று மாணவி தன் இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தாள். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1 கிலோ. பழைய வேட்டித் துணியை இரட்டையாகத் தைத்து, மணல் நிரப்பி, சமையலறைத் தராசில் நிறுத்தேன். மூன்றாவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது.

முதல் இரண்டு வாரம் வேகமே கிடையாது. முறை பழகுவதற்கு மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொன்றையும் ஆறு முதல் எட்டு முறை, பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று. மேலே போவது சட்டென்று. மேலே ஒரு நொடி நிற்பது. கீழே வருவது மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி.

எப்போது நிறுத்துவது என்பதுதான் முக்கியம். களைத்துப்போகும்வரை செய்வது இந்தப் பயிற்சிக்கு எதிரி. களைத்த தசை மெதுவாகத்தான் போகும். மெதுவாகப் போவதைப் பழக்கினால் அதைத்தான் கற்றுக்கொள்ளும். நான் எதிரே உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டுவேன். அக்கா எழுந்துகொண்டே எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். "ஒண்ணு" என்ற சொல் முடிவதற்குள் நிமிர்ந்துவிட வேண்டும். "ஆறு" என்பது "ஆ...று" என்று இழுபட்டால் அந்தச் சுற்று அதோடு சரி, எட்டு ஆகாவிட்டாலும் சரி. சத்தமாக எண்ணுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பேசுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. மூச்சைப் பிடித்து முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

நான்காம் வாரம் அக்காவுக்கு இடது முழங்காலில் வலி. நிறுத்திவிடலாம் என்றுதான் அக்கா மகன் போனில் சொன்னான். மாணவி வந்து பேசாமல் நின்று பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிடக் கேட்டாள் என்பதே சரி. அக்கா எழுவது நன்றாக இருந்தது. உட்காரும்போது கடைசி ஒரு சாண் "தொப்" என்று விழுந்துகொண்டிருந்தாள். வேகம் என்ற சொல் இரண்டு பக்கத்துக்கும் பரவிவிட்டது. "அம்மா, நாற்காலி சத்தம் போடக்கூடாது" என்று ஒரே வரி சொன்னாள். மணல் பையிலும் அதே மாதிரி ஒன்று. சிட்னியில் பயன்படுத்தியது காற்றழுத்தத்தால் இயங்கும் கருவி. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அதில் தூக்கி எறிகிற மாதிரி ஆகாது. மணல் அப்படியல்ல. வேகமாகக் காலை வீசினால் கடைசியில் முழங்கால் மூட்டில் "டக்" என்று போய் முட்டும். கால் முழுதாக நீளுவதற்குச் சற்று முன்பே தசையால் பிடித்து நிறுத்தப் பழக்கினாள். வீட்டில் செய்கிறவர்கள் பளுவைக் கூட்ட ஆசைப்படாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். பத்து நாளில் வலி போய்விட்டது.

ஆறாம் வாரம் ஜமக்காளத்தை எடுத்துவிட்டோம். நேரம் இப்படி இறங்கியது: நான்காம் வாரம் 15.1, எட்டாம் வாரம் 13.4, பன்னிரண்டாம் வாரம் 12.5 நொடி. கணக்குப் போடுங்கள். எடை அதே 58, நாற்காலி அதே 43, வேலை அதே 169 ஜூல். எழ ஆகும் நேரம் மட்டும் 1.6இலிருந்து 1.25 நொடியாகியிருக்கிறது. 135 வாட். கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கால் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கிறது, துளியும் பருக்கவில்லை. முதல் சில வாரங்களின் தேர்ச்சி பெரும்பாலும் நரம்பு கட்டளையிடும் விதத்தில் நடப்பது என்று மாணவி விளக்கினாள்.

இதைப் படித்துவிட்டு நாளையே உங்கள் அப்பா அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நெஞ்சு வலி, நடந்தாலே மூச்சு இரைப்பு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், சமீபத்தில் கண் அறுவை சிகிச்சை, ஆறாத எலும்பு முறிவு இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். எலும்பு தேய்ந்து முதுகு வளைந்தவர்கள் குனிந்து வேகமாக நிமிரும் எதையும் செய்யக்கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். அதனால் அக்காவை முதலில் ஒரு முறை மெதுவாக எழுப்பி, ஒரு நிமிடம் நிற்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம். தலை சுற்றினால் அன்று பயிற்சி இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிட்னிக்காரர்கள் அளந்தது திறனையும் வலுவையும் சமநிலையையும். இனிமேல் விழவே மாட்டார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் அக்கா மகனிடம் அப்படிச் சொல்லவில்லை. லேசான பளுவால் வலு அவ்வளவாக ஏறாது என்பதால், மூன்றாவது மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு சுற்று மட்டும் கனமான பையோடு நிதானமாகச் செய்யச் சொல்லியிருக்கிறாள் மாணவி.

மே மாதம் அக்கா கோவைக்குப் போய் ஐந்து வாரம் இருந்தாள். பேரப்பிள்ளைகள், தொலைக்காட்சி, மெத்தென்ற சோபா. பயிற்சி இல்லை. திரும்பி வந்ததும் அளந்தேன். 13.6 நொடி. பிறகு மூன்று வாரத்தில் 12.7க்கு வந்துவிட்டாள்.

ஆடியில் அக்கா மகன் வந்திருந்தான். அவனே செல்போனை வைத்து நேரம் பார்த்தான். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தான். மறுநாள் இருவரும் டவுன் பஸ்ஸில் கும்பகோணம் போய் வந்தார்கள். அக்கா முன்னால் ஏறினாளாம், அவன் பின்னால் கை நீட்டித் தயாராக நின்றானாம், தேவைப்படவில்லை. வீட்டை விற்கும் பேச்சைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறான். மணல் பை இப்போது 1.25 கிலோ.